நேர் வரியும் நேரில் வரியும்: வன்னியில் எங்கள் வீட்டுக்கு எந்த வழியால் வருகின்றன?

கிளிநொச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் சிறு கடைகளுக்கும் சங்கங்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுத்த பழக்கத்தில், ஆட்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வீதங்கள் எல்லாம் 2025/26 மதிப்பீட்டு ஆண்டுக்கானவை.

"நான் கூலி வேலைக்குப் போறன். எனக்கும் வரிக்கும் என்ன சம்பந்தம்?"

வருமான வரி உங்களைத் தேடி வராது. ஆனால் காலையில் முகம் கழுவும் சவர்க்காரத்தில் இருந்து இரவு போடும் ரீலோட் வரைக்கும் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

சட்டம் யாரிடம் வரியைக் கேட்கிறதோ அவரே தன் பையிலிருந்து கொடுத்தால் அது நேர் வரி. வருமான வரி அப்படி. நகரசபைக்கும் பிரதேச சபைக்கும் கட்டும் சோலைவரியும் அப்படித்தான். சட்டம் ஒருவரிடம் கேட்க, அவர் அதை விலையில் ஏற்றி இன்னொருவரிடம் வாங்கிக்கொண்டால் அது நேரில் வரி. மறைமுக வரி என்றும் சொல்வார்கள். வற் என்று நாங்கள் சொல்லும் பெறுமதி சேர் வரி, சுங்க வரி, எரிபொருள், சாராயம், சிகரெட் மீதான தீர்வை எல்லாம் இந்தப் பக்கம்.

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இதைப் புதிதாக விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2002ல் ஏ9 திறந்த பிறகு லொறிச் சாமானுக்கு ஆயம் கட்டி உள்ளே எடுத்த காலம் அவர்களுக்கு நினைவிருக்கும். ஆயம் கட்டியது லொறிக்காரர். அதை விலையில் கண்டது நாங்கள்.

"எங்கட ஊர்க் கடைப் பில்லில வற் எண்டு ஒண்டும் இல்லையே. பிறகு எப்படி நான் வற் கட்டுறன்?"

பில்லில் இல்லாவிட்டாலும் விலைக்குள் இருக்கிறது. இதை ஒரு சாமானை வைத்துக் கடைசி வரை பார்த்தால்தான் பிடிபடும்.

ஒட்டுசுட்டானில் ஒரு பலசரக்குக் கடை. கொழும்புக் கொம்பனியின் ஏஜென்சி சவர்க்காரப் பெட்டி ஒன்றை 1,000 ரூபாவுக்கு விற்கிறது. அதன்மேல் 18 வீத வற், 180 ரூபா. கடைக்காரர் 1,180 ரூபா கொடுத்து எடுக்கிறார். அவர் வற்றுக்குப் பதிவு செய்தவர் அல்ல. 2024 ஜனவரியில் வைத்து 2025/26லும் இருந்த எல்லைப்படி, ஆண்டு விற்பனை 60 மில்லியன் ரூபாவைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். ஊர்க் கடைக்கு அது எட்டாத தூரம். பதிவு இல்லாததால் தான் கொடுத்த 180 ரூபாவை அவர் யாரிடமும் திருப்பிக் கேட்க முடியாது. அது அவருக்கு வாங்கிய செலவாகவே நின்றுவிடுகிறது. தன் உழைப்புக்கு 120 ரூபா வைத்து 1,300க்கு விற்கிறார். பில்லில் வற் என்று ஓர் எழுத்துக்கூட இல்லை, ஆனால் அந்த 1,300க்குள் 180 ரூபா அரசின் காசு இருக்கிறது.

இதே பெட்டியை கிளிநொச்சி நகரத்தில் வற் பதிவுள்ள பெரிய சுப்பர் மார்க்கெட் ஒன்று எடுத்தால் கணக்கு வேறு. அதுவும் 1,180 கொடுக்கிறது, ஆனால் 180ஐத் தன் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே அதன் செலவு 1,000தான். அதே 120 ரூபா இலாபம் வைத்தால் 1,120. அதன்மேல் 18 வீதம் 201 ரூபா 60 சதம். நீங்கள் கொடுப்பது 1,321 ரூபா 60 சதம். வாங்கும்போது கொடுத்த 180ஐக் கழித்து மீதி 21 ரூபா 60 சதத்தைச் சுப்பர் மார்க்கெட் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டுகிறது. அதன் இலாபத்தின் மேலும் வரி விழுந்ததால் வந்த வித்தியாசம் இது.

பில்லில் வரியைக் கண்டு கோபப்பட்டு ஊர்க் கடைக்கு மாறினால் தப்புவது அந்த 21 ரூபா 60 சதம் மட்டும்தான். 180 இரண்டு இடத்திலும் உங்கள் தலையில்தான்.

இதோடு 2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடு என்று 2.5 வீதம் ஒன்றும் இருக்கிறது. வற்றைப் போல முன்னே கொடுத்ததைக் கழிக்கும் வழி அதில் இல்லை. இறக்குமதிக்காரர் கட்டியதன் மேல் அடுத்தவர் தன் பங்கைக் கட்டுவார். அடுக்கடுக்காக ஏறி வருவதால் கடைசி விலையில் அது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

"சின்னக் கடைக்காரர் ஒருத்தர் விலைக்கு மேல தனியா 18 வீதம் போட்டு பில் தந்தார். சரியா?"

வற் பதிவு இல்லாதவர் அப்படி வாங்குவது சட்டத்துக்கு மாறு. பதிவுள்ளவரின் பில்லில் பதிவு இலக்கம் கட்டாயம் இருக்க வேண்டும். வரி செலுத்துனர் அடையாள இலக்கத்தின் 9 எண்கள், பின்னால் 7000 என்று முடியும். அது இல்லாத பில்லில் தனியாக வற் கேட்டால், "உங்கட வற் நம்பரை எழுதித் தாங்கோ" என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே கதை மாறும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் ird.gov.lk தளத்தில் இலக்கத்தைச் சரிபார்க்கலாம். 1944க்கு அழைத்தும் கேட்கலாம்.

எனக்கே இது நடந்தது. வீட்டுக்குக் கூரைத்தகடு எடுத்தபோது ஒரு கடையில் மொத்தத் தொகையின் மேல் 18 வீதம் கூட்டி எழுதியிருந்தார்கள். அவசரத்தில் கொடுத்துவிட்டேன். இரவு பில்லை விரித்துப் பார்த்தபோதுதான் இலக்கம் இல்லாதது கண்ணில் பட்டது. அடுத்த நாள் போய்க் கேட்டேன், முதலாளி பேசாமல் காசைத் திருப்பித் தந்தார். கேட்காமல் விட்டிருந்தால் அந்தக் காசு அரசுக்கும் போயிருக்காது.

"மாதம் இரண்டு லட்சம் எடுக்கிற உத்தியோகத்தர்தானே உண்மையா வரி கட்டுறார்? எங்கட பங்கு சின்னம்தானே?"

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2025 ஏப்ரலில் இருந்து மாதம் 150,000 ரூபா வரையான வருமானத்துக்கு வரி இல்லை. 200,000 எடுப்பவருக்கு மேலதிகம் 50,000. அதற்கு முதற்படி வீதமான 6 வீதம் என்றால் 3,000 ரூபா. சம்பளத்திலேயே கழித்துவிடுவார்கள், சம்பளச் சீட்டில் அச்சடித்து வரும்.

இனி புதுக்குடியிருப்பில் மாதம் 50,000 ரூபாவில் ஓடும் ஒரு குடும்பம். அரிசி, மரக்கறி, மீன் போன்றவற்றை ஒதுக்கிவிடுவோம். சவர்க்காரம், பற்பசை, பிஸ்கட், உடுப்பு, மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல், ஃபோன் செலவு என்று வற் ஏறிய சாமான்களுக்கு 20,000 போகிறது என்று வைப்போம். அதில் ஊர்க் கடைக்காரரின் இலாபத்தைக் கழித்தால் சுமார் 18,500. 118 ரூபாவில் 18 ரூபா வற் என்ற கணக்கில் அதனுள் கிட்டத்தட்ட 2,800 ரூபா வற் இருக்கிறது. பெற்றோலில் உள்ள மற்றத் தீர்வைகளை நான் இங்கே சேர்க்கவே இல்லை.

அவர் 3,000, இவர்கள் 2,800. அவருக்கு அது வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றரை. இவர்களுக்கு நூற்றுக்கு ஐந்தரைக்கும் மேல். உத்தியோகத்தரும் கடைக்குப் போகும்போது வற் கட்டுகிறார்தான், ஆனால் அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதி சேமிப்புக்குப் போகும், அதில் வற் இல்லை. ஐம்பதாயிரத்தில் ஓடும் வீட்டில் சேமிக்க ஏது? வருமானத்தின் பெரும்பங்கு கடைக்கே போகிறது. இலங்கை அரசின் வரி வருமானத்தில் பெரும்பகுதி நீண்ட காலமாக நேரில் வரிகளில் இருந்தே வருகிறது என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு மனது கனக்கும். 2019 டிசம்பரில் 8 வீதமாக்கப்பட்ட வற், 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏறியது. நாடு கடனில் விழுந்ததை மீட்க ஒவ்வொரு படியாக ஏற்றிய பாரம், மாதம் ஐம்பதாயிரம் எடுப்பவரின் கடைப் பையிலும் ஏறியது.

"வரியைக் குறைச்சால் சாமான் விலை குறையும்தானே?"

குறையும் என்று நம்பித்தான் 2020ல் சீனியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சீனி போன்ற சில இறக்குமதிப் பொருட்களுக்குப் பல வரிகளுக்குப் பதிலாக விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்ற ஒன்றை மட்டும் வாங்குவார்கள். 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். அது விலையில் நூற்றுவீதம் அல்ல, கிலோவுக்கு இத்தனை ரூபா என்பது. 2020 ஒக்டோபர் நடுப்பகுதியில் சீனிக்கான அறவீட்டை 50 ரூபாவில் இருந்து 25 சதமாக்கினார்கள். கிலோவுக்கு 49 ரூபா 75 சதம் விலையில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அரசுக்கு 15.9 பில்லியன் ரூபா வருமானம் போனதாகப் பின்னர் பாராளுமன்றத்தின் அரச நிதி பற்றிய குழுவில் பேசப்பட்டது.

அந்தக் காசு எங்கே போனது என்று பலர் கேட்டார்கள். சீனி இறக்குபவர்கள் சிலர்தான். அவர்கள் முந்திக்கொண்டு விலையைக் குறைக்கத் தேவையில்லை. நாங்களும் பழைய விலைக்கு வாங்கப் பழகியிருந்தோம். வரி விட்டுப்போன இடைவெளியில் இலாபம் வந்து உட்கார்ந்துகொண்டது.

2023 நவம்பர் தொடக்கத்தில் 25 சதத்தைத் திரும்ப 50 ரூபாவாக்கியபோது நடந்ததையும் பாருங்கள். விலை ஒரே இரவில் ஏறியது. 25 சதம் கட்டி இறக்கிக் களஞ்சியத்தில் கிடந்த சீனியும் புது விலைக்கே வந்தது. மாதம் 4 கிலோ சீனி வாங்கும் வீட்டுக்கு 200 ரூபா, வீட்டுக்காரர் கோடீசுவரராக இருந்தாலும் வயல் கூலியாக இருந்தாலும்.

வரி ஏறும்போது உடனே வந்து சேர்கிறது, இறங்கும்போது வழியில் நின்றுவிடுகிறது. இப்படி நடந்தால் அறிந்துகொள்வதற்கு ஒரு வழி, வர்த்தமானி அறிவித்தலின் திகதியையும் உங்கள் கடைப் பில்லின் திகதியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். அரசு உச்ச விலை நிர்ணயித்திருந்தால் அதற்கு மேல் விற்பதை 1977க்கு, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, முறையிடலாம்.

"நெல்லுக்கும் அரிசிக்கும் வற் இல்லை எண்டு சொல்லினம். அப்ப கமக்காரர் தப்பினார்தானே?"

இந்த இடத்தில்தான் வன்னிக்கு அடி விழுகிறது. கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

வற் சட்டத்தில் இரண்டு வகைச் சலுகை உண்டு. ஏற்றுமதி போன்றவற்றுக்குச் சுழிய வீதம். அதாவது வரி வீதம் பூச்சியம், அதோடு உற்பத்திக்காக முன்னே கட்டிய வற்றையும் திருப்பிக் கேட்கலாம். நெல்லும் அரிசியும் விலக்களிக்கப்பட்டவை. விற்கும்போது வற் இல்லை, ஆனால் முன்னே கட்டியதும் திரும்பாது. கமக்காரர் வற் பதிவில் இல்லாதவர் என்பதால் அவருக்கு எப்படியும் வழியில்லை.

அவர் எதில் முன்னே கட்டுகிறார்? டீசலில். 2024 ஜனவரியில் டீசலுக்கு இருந்த வற் விலக்கை எடுத்துவிட்டார்கள். லீற்றர் 280 ரூபா என்று வைத்தால் அதனுள் ஏறத்தாழ 40 ரூபா வற். இரணைமடுவின் கீழ் 5 ஏக்கர் செய்யும் ஒருவரை எடுப்போம். உழவு, பலகை அடிப்பு, வெட்டு மெசின், நெல் ஏற்றிப் பறிக்கும் வண்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏக்கருக்கு 30 லீற்றர் எரிகிறது என்று கணக்குக்காகக் கொண்டால், ஏக்கருக்கு 1,200 ரூபா. 5 ஏக்கருக்கு 6,000. தன் கையால் டீசல் அடிக்காதவருக்கும் இது உண்டு. உழவு இயந்திரக்காரர் ஏக்கருக்குக் கேட்கும் கூலிக்குள் அந்த வரி இருக்கிறது.

கடைக்காரர் தன் 180 ரூபாவை விலையில் ஏற்றி உங்களிடம் வாங்கிக்கொண்டார். கமக்காரர் யாரிடம் வாங்குவது? காலபோக வெட்டு ஒரே நேரத்தில் நடக்கிறது. ஈரநெல்லை வைத்துக்கொள்ளக் களஞ்சியம் இல்லை, கடன்காரர் வாசலில். விலையைச் சொல்வது மில்லும் வயலுக்கே வந்து ஏற்றும் வியாபாரியும்தான். அரசு 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று உத்தரவாத விலை சொன்னது. மில்லோ அரசோ "உனக்கு டீசலில் எவ்வளவு வரி போனது?" என்று கேட்டு விலை வைப்பதில்லை.

பாடப்புத்தகத்தில் நேரில் வரியைக் கடைசியில் நுகர்வோர் சுமக்கிறார் என்று இருக்கும். விலை சொல்லும் பலம் இல்லாத உற்பத்தியாளரிடம் வந்தால் அது அவரிடமே நின்றுவிடும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த 6,000 ரூபா அவருடைய இலாபத்திலிருந்தே போகிறது. பெயர் நேரில் வரி, விழும் விதம் நேர் வரி போல. நட்டப்பட்ட போகத்திலும் அது குறையாது. வருமான வரி என்றால் வருமானம் இல்லாத ஆண்டில் கேட்கமாட்டார்கள்.

"அம்மாவின்ர நிலையான வைப்பு வட்டியில வங்கி காசு பிடிச்சிட்டுது. அவவுக்கு வருமானமே இல்லையே?"

நேர் வரி சத்தமில்லாமல் வந்து சேரும் வழி இது. வட்டியைக் கொடுக்கும்போதே வங்கி பிடித்து அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. 2025 ஏப்ரல் 1 வரை 5 வீதமாக இருந்தது, அன்றிலிருந்து 10 வீதம்.

முல்லைத்தீவில் ஒரு தாயாருக்கு 15 லட்சம் வைப்பு, ஆண்டுக்கு 8 வீத வட்டி என்று வையுங்கள். மாதம் 10,000 வர வேண்டும். கைக்கு வருவது 9,000. ஆண்டுக்கு 12,000 ரூபா போகிறது. ஆனால் அவருடைய ஆண்டு வருமானம் 120,000தான். 18 லட்சம் வரை வரி இல்லை என்பதால் அவர் கட்ட வேண்டிய வருமான வரி பூச்சியம். பிடித்த காசு முழுவதும் அவருக்கு உரியது.

நிறுத்த வழி இருக்கிறது. ஆண்டு வருமானம் 18 லட்சத்தைத் தாண்டாது என்று ஒரு சுயபிரகடனப் படிவம் எழுதி வங்கியில் கொடுக்க வேண்டும். வரி செலுத்துனர் அடையாள இலக்கம், டின் என்று சொல்வது, அதற்கு அவசியம். மதிப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31 வரை, பிரகடனம் அந்த ஆண்டுக்கு மட்டும். அடுத்த ஏப்ரலில் திரும்பக் கொடுக்க மறந்தால் திரும்பவும் பிடிக்கத் தொடங்குவார்கள். இரண்டு வங்கியில் வைப்பு இருந்தால் இரண்டிலும் கொடுக்க வேண்டும்.

ஏற்கெனவே பிடித்து அனுப்பியதை வங்கியிடம் கேட்டுப் பயனில்லை. பிடித்ததற்கான சான்றிதழை வங்கியில் வாங்கி, அந்த ஆண்டுக்கான வருமான வரி விவரத்திரட்டைத் திணைக்களத்துக்குக் கொடுத்து மீளக் கோர வேண்டும். மார்ச்சில் முடிந்த ஆண்டுக்கு அந்த நவம்பர் 30 கடைசி நாள். வயதானவர்களால் தனியாக இயலாது, பக்கத்தில் ஒரு பிள்ளை இருந்து செய்து கொடுக்க வேண்டும். பலர் இந்த அலைச்சலுக்குப் பயந்து விட்டுவிடுகிறார்கள். சட்டம் கேட்காத காசை ஏழை மனிசி கட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிறார்.

"டின் எடுத்தால் பிறகு வரி கட்டச் சொல்லி வருவினம் எண்டு பயமா இருக்கு."

டின் ஒரு இலக்கம் மட்டும்தான். வருமானம் 18 லட்சத்துக்குக் கீழே என்றால் அது இருப்பதால் ஒரு சதமும் கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை. அது இல்லாததால்தான் மேலே சொன்ன 12,000 ரூபா போகிறது. தேசிய அடையாள அட்டையோடு ird.gov.lk வழியாக இலவசமாகப் பதியலாம். இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

"மகன் கனடாவில இருந்து மாதம் காசு அனுப்புறான். அதுக்கும் வருமான வரியா?"

இல்லை. குடும்பச் செலவுக்குப் பிள்ளை அனுப்பும் காசு உங்கள் உழைப்பால் வந்த வருமானம் அல்ல. அந்தக் காசை ரூபாவில் நிலையான வைப்பில் போட்டு வட்டி எடுத்தால், அந்த வட்டி வருமானம். அதற்கு மேலே சொன்ன 10 வீதப் பிடிப்பும் பிரகடனமும் அப்படியே பொருந்தும். அந்தக் காசைக் கொண்டு கடைக்குப் போனால் வற், அதற்குப் பிரகடனம் கொடுத்துத் தப்ப வழியில்லை.